கூலர் பையில ஐஸ் பாதி வழியிலயே தண்ணி ஆயிடுதா? ஒவ்வொரு பிரச்சனைக்கும் என்ன பாக்கணும்

ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ சென்னையில இருந்து தூத்துக்குடிக்கு கார்ல போறவன் நான், போகும்போது அப்பாவோட இன்சுலினும் தயிரும் மாவும், வரும்போது மீனு. கிட்டத்தட்ட 600 கிலோமீட்டர், நிறுத்தி நிறுத்தி வந்தா 11 மணி நேரம். மீனை நாறடிச்சிருக்கேன், இன்சுலினை உறைய வச்சிருக்கேன், சீட்டுக்கு அடியில மீன் தண்ணி ஊத்தி ஒரு மாசம் அந்த நாத்தத்தோட ஆபீஸ் போயிருக்கேன். அதனால இதை பிரச்சனை வாரியா எழுதறேன், உங்களுக்கு எது நடக்குதோ அந்த தலைப்புக்கு நேரா போயிடுங்க.

கையில ஒரே ஒரு பொருள் வேணும், வயர் வச்ச சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர். ஃப்ரிட்ஜுக்குன்னு கேட்டா குடுப்பாங்க. வயர் நுனியை பைக்குள்ள விட்டு டிஸ்ப்ளேவை வெளிய வச்சிட்டா பையை திறக்காமலே பாக்கலாம். புதுசா வாங்கினதும் ஒரு டம்ளர்ல நொறுக்கின ஐஸும் கொஞ்சம் தண்ணியும் போட்டு நுனியை அதுல அஞ்சு நிமிஷம் வைங்க, 0 காட்டணும். 2 காட்டுச்சுன்னா அது எப்பவும் 2 கூட சொல்லுதுன்னு ஞாபகம் வச்சுக்கிட்டா போதும், தூக்கி போட வேணாம்.

## பிரச்சனை 1: நாலஞ்சு மணி நேரத்துலயே ஐஸ் பேக் எல்லாம் தண்ணி ஆயிடுச்சு

முதல்ல: பேக் முழுசா உறைஞ்சுதா? பாதி பேருக்கு இங்கயே முடிஞ்சிடும். ராத்திரி பத்து மணிக்கு ஃப்ரீசர்ல போட்டு காலைல நாலு மணிக்கு எடுத்தா ஓரம் கல்லு மாதிரி இருக்கும், நடுவுல கூழா இருக்கும். கட்டை விரலால நடுவுல அழுத்தி பாருங்க, கெட்டியான பேக்னா குலுக்கி பாருங்க. கொஞ்சமாவது அசைஞ்சா அது பாதி பேக்குதான். முழுசா ஒரு நாள் முன்னாடியே போடுங்க, ஒண்ணு மேல ஒண்ணு அடுக்காம ஃப்ரீசர் தரையில தனித்தனியா படுக்க வைங்க.

ஒரு நாள் வச்சும் உறையலைன்னா பேக் மேல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. மருந்து பார்சல்ல வர்ற சில பேக் உப்புக் கரைசல் போட்டது, -21 டிகிரின்னு அச்சடிச்சிருக்கும், வீட்டு ஃப்ரீசர் நல்லா வேலை செஞ்சாலே -18 பக்கம்தான் போகும், அதனால அது உங்க வீட்ல ஜென்மத்துக்கும் உறையாது. சாதா ஜெல் பேக்கே உறையலைன்னா ஃப்ரீசர் கதவு ரப்பர்ல ஒரு பேப்பரை வச்சு மூடி இழுத்து பாருங்க, சும்மா வழுக்கிட்டு வந்தா ரப்பர் போச்சு. ரப்பரும் சரியா இருக்கு, ஐஸ் கட்டி படிஞ்சு அடைக்கவும் இல்ல, அப்பவும் உறையலைன்னா ஃப்ரிட்ஜ் மெக்கானிக்கை கூப்பிடுங்க. அது கூலர் பை பிரச்சனையே இல்ல.

அடுத்தது: சூடான பொருளை உள்ள வச்சீங்களா? இதுதான் எனக்கு ரொம்ப நாள் புரியாம இருந்தது. பையை அடிக்கடி திறக்காதீங்கன்னு எல்லாரும் சொல்வாங்க, ஆனா ஒரு தடவ திறந்து மூடறதுல போறது கொஞ்சம் குளிர் காத்துதான், அதுல ஒண்ணும் பெருசா குடி முழுகிடாது. உள்ள என்ன வைக்கறோம்ங்கறதுலதான் இருக்கு விஷயம். கடையில வாங்கின சாதா 1 லிட்டர் தண்ணி பாட்டிலை, ஜில்லுன்னு ஆகட்டுமேன்னு நடுவழியில உள்ள போட்டா, அதை 30 டிகிரில இருந்து 5க்கு இறக்கவே ஏறக்குறைய 300 கிராம் ஐஸ் உருகிடும். விக்கிரவாண்டி தாண்டறதுக்குள்ள பசங்க ரெண்டு பாட்டில் போட்டாங்கன்னா அரை கிலோவுக்கு மேல ஐஸ் காலி, கதை முடிஞ்சுது. பைக்குள்ள போற எல்லாமே முந்தின ராத்திரியே ஃப்ரிட்ஜ்ல இருந்திருக்கணும், குடிக்கிற பாட்டிலுக்கு வேற பை. பையையே கூட கிளம்பறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி ரெண்டு பழைய ஐஸ் பேக் போட்டு மூடி வச்சா நல்லது, அப்புறம் புது பேக் மாத்திக்கலாம்.

கார்ல எங்க வச்சீங்க? டிக்கில வச்சா ஏசி காத்து அங்க ஒழுங்கா போகாது. வெயில்ல நிறுத்தின கார் உள்ள ஒரு மணி நேரத்துல 50 டிகிரி தாண்டிடும், வெளிய 35 இருந்தாலே. சாப்பிட 40 நிமிஷம் நிறுத்துற ஹோட்டல்லதான் ஐஸ் வேகமா உருகுது, ஓடும்போது இல்ல. முன் சீட்டுக்கு பின்னாடி கால் வைக்கிற இடத்துல வைங்க, மேல ஒரு தடிமனான டவலோ பெட்ஷீட்டோ போத்துங்க. சாப்பிட இறங்கும்போது பையை கையோட தூக்கிட்டு போயிடுங்க, டேபிளுக்கு அடியில வச்சா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.

இவ்வளவும் சரின்னா: பையே ஐஸை தின்னுது. இதை கண்டுபிடிக்க வீட்லயே ஒரு டெஸ்ட். 2 கிலோ ஐஸை ஒரு பெரிய பிளாஸ்டிக் கவர்ல கட்டி பையில வச்சு மூடுங்க, ஏசி இல்லாத ரூம்ல 3 மணி நேரம் விடுங்க, அப்புறம் கவர்ல சேர்ந்த தண்ணியை மட்டும் அளக்குற கப்ல ஊத்தி மூணால வகுங்க. வர்றதுதான் உங்க பை ஒரு மணி நேரத்துக்கு திங்கிற ஐஸ். என்னோட 20 லிட்டர் பை, பாக்க சூப்பரா இருக்கும், வெள்ளி கலர் லைனிங் எல்லாம் போட்டது, மணிக்கு 370 மில்லி திங்குது. அதே அளவு தெர்மகோல் பெட்டி, மீன் கடையில குடுப்பாங்களே அதேதான், மணிக்கு 170. ஏன்னா பையில இருக்கிறது அரை விரல் கூட இல்லாத ஃபோம், பெட்டியில ஒரு அங்குல தெர்மகோல். தடிமன்தான் எல்லாம், வெள்ளி லைனிங் பாத்து ஏமாறாதீங்க.

இந்த நம்பர் கிடைச்சிட்டா கணக்கு சுலபம். ஏசி கார்ல கொஞ்சம் கம்மியா ஆகும், என் பைக்கு மணிக்கு 300ன்னு வச்சுக்கலாம், 11 மணி நேரத்துக்கு 3.3 கிலோ. நான் வச்சிருந்தது 400 கிராம் பேக் மூணு. நாலு மணி நேரத்துல உருகாம என்ன பண்ணும்? அதனால செலவு வரிசையில பண்ணுங்க: முதல்ல ஐஸ் கூட்டுங்க, 1 லிட்டர் பெட் பாட்டில்ல முக்கால்வாசி தண்ணி ஊத்தி உறைய வச்சா ஜெல் பேக் செய்யுற அதே வேலையை செய்யும், ஓசியில. அடுத்தது பையை தெர்மகோல் பெட்டிக்குள்ள இறக்குங்க. அதுவும் பத்தலைன்னாதான் தடிமனான ஹார்டு ஐஸ் பாக்ஸ் வாங்குங்க. தண்ணியில உப்பு போட்டு உறைய வைன்னு ஒருத்தர் சொன்னார், வேணாம். அது உறையற டிகிரியே 0க்கு கீழ இருக்கறதால உறைய அடம் பிடிக்கும், உறைஞ்சதும் தொட்ட பொருளை எல்லாம் உறைய வச்சிடும், அதைப்பத்தி பிரச்சனை 3ல.

## பிரச்சனை 2: பேக் இன்னும் கல்லு மாதிரி இருக்கு, ஆனா மேல வச்சது வெதுவெதுன்னு இருக்கு

இதுக்கு காரணம் அனேகமா ஒண்ணுதான், எல்லா பேக்கையும் அடியில அடுக்கிட்டீங்க. குளிர் காத்து கனமானது, கீழயே தங்கிடும், சூடு மேல இருந்து இறங்கும். பையோட மூடிதான் வழக்கமா மெல்லிசா இருக்கும், ஜிப் வேற அங்கதான். ஒரு பேக் அடியில, ரெண்டு பக்கத்துல, ஒண்ணு கண்டிப்பா எல்லாத்துக்கும் மேல. பேக் கம்மியா இருந்தா அடியில வைக்கறதை விட்டுடுங்க, மேல வைக்கறதை விடாதீங்க.

இடுக்கு இருந்தா செய்தித்தாளை கசக்கி அடைங்க. காத்து நிறைய இருந்தா சுத்திக்கிட்டே சூட்டை கொண்டு வந்து சேர்க்கும். டெம்பரேச்சர் பாக்கும்போதும் தெர்மாமீட்டர் நுனியை பேக்கை ஒட்டி வைக்காதீங்க, மேல் வரிசைல ரெண்டு பொருளுக்கு நடுவுல வைங்க. ஐஸ் பேக் ஓரத்துல 1 காட்டும், தயிர் டப்பா மேல 11 இருக்கும், நீங்க 1ஐ பாத்துட்டு நிம்மதியா ஓட்டிட்டு இருப்பீங்க.

இதுக்கு மேலயும் மேல்பக்கம் சூடுன்னா ஜிப்பை பாருங்க. ராத்திரி இருட்டு ரூம்ல ஃபோன் டார்ச்சை எரிய விட்டு பைக்குள்ள போட்டு மூடுங்க, ஜிப் வழியா வெளிச்சம் கோடு கோடா தெரிஞ்சா அந்த வழியாதான் போகுது. பை தைக்கிறவர்கிட்ட குடுத்தா ஜிப் மாத்தி குடுப்பார்.

## பிரச்சனை 3: உள்ள வச்சது உறைஞ்சு போச்சு

தயிர், தக்காளி உறைஞ்சா பெரிய நஷ்டம் இல்ல, தயிர் திரிஞ்ச மாதிரி ஆகும், அவ்வளவுதான். இன்சுலின் உறைஞ்சா ஒரே வழி, தூக்கி போடணும். உருகினதுக்கு அப்புறம் பாக்க நல்லாவே இருக்கலாம், அதுதான் ஆபத்து, ஒழுங்கா வேலை செய்யும்னு நம்ப முடியாது. எங்கப்பாவோட ரெண்டு பேனா அப்படித்தான் போச்சு. உளுந்தூர்பேட்டைல டீ குடிக்க நிறுத்தி எதேச்சையா பாத்தேன், பேனா ஐஸ் பேக்கோட ஒட்டிக்கிட்டு கையில எடுத்தா பிரிக்க வரல, உள்ள வெள்ளை வெள்ளையா. நான்தான் பேக்கை ஃப்ரீசர்ல இருந்து எடுத்த கையோட பேனாவை அது மேல படுக்க வச்சது, நல்லா ஜில்லுன்னு இருக்கட்டும்னு.

திறக்காத இன்சுலினுக்கு 2ல இருந்து 8 டிகிரி. ஃப்ரீசர்ல இருந்து வந்த பேக் முதல் ஒரு மணி நேரம் 0க்கு ரொம்ப கீழ இருக்கும், அதுதான் உறைய வைக்கும். தடுப்பூசி முகாமுக்கு நர்ஸ் அக்காங்க தோள்ல மாட்டிக்கிட்டு வருவாங்களே நீலப் பெட்டி, அதுல நாலு ஐஸ் பேக் இருக்கும், அதை ஃப்ரீசர்ல இருந்து எடுத்த உடனே போட மாட்டாங்க. வெளிய வச்சு வேர்க்க விட்டு, காது கிட்ட வச்சு குலுக்கி உள்ள தண்ணி அசையுற சத்தம் கேட்டாதான் போடுவாங்க, அப்ப அது 0க்கு வந்திருக்கும். நம்மளும் அதையே பண்ணணும். அப்புறம் இன்சுலினை ஒரு சின்ன டப்பாவுல போட்டு, துண்டுல சுத்தி, பையோட நடுவுல, எந்த பேக்கையும் தொடாம வைங்க.

இப்ப யூஸ் பண்ணிட்டு இருக்கிற பேனாவுக்கு இவ்வளவு கஷ்டம் வேணாம், அதை ரூம் வெப்பத்துல வைக்கலாம்னு அட்டையிலயே எத்தனை நாள், எத்தனை டிகிரி வரைன்னு போட்டிருக்கும், கார் டேஷ்போர்டுல மட்டும் வச்சிடாதீங்க. உறைஞ்சுதா இல்லையான்னு சந்தேகம்னா இல்ல ரொம்ப நேரம் சூட்டுல கிடந்துச்சுன்னா, நீங்களா முடிவு பண்ணாதீங்க, அந்த ஊர் மருந்துக்கடைல பார்மசிஸ்ட்கிட்ட காட்டுங்க, டாக்டருக்கு ஃபோன் போடுங்க. சர்க்கரை அளவு காரணமே இல்லாம ஏறுதுன்னா அதுவும் ஒரு அறிகுறிதான்.

## பிரச்சனை 4: பைக்குள்ள தண்ணி, அப்புறம் நாத்தம்

தண்ணியை தொட்டு பாருங்க. தெளிவா இருந்து பேக் மேலயும் ஈரமா இருந்தா அது வேர்வை மாதிரி சேர்ந்த தண்ணி, ஒரு துணி போட்டா போதும். வழவழன்னு இருந்தா ஜெல் பேக் கிழிஞ்சிருக்கு, அந்த பேக்கை தூக்கி போட்டுட்டு, கவர் பிரிஞ்ச சாப்பாடு எதுலயாவது பட்டிருந்தா அதையும் போட்டுடுங்க. சிவப்பா இருந்தா மீன் கவர் ஓட்டை. ரெண்டு கவர் போட்டு வாயை முறுக்கி ரப்பர் பேண்ட் போடுங்க, மீன் எப்பவும் அடியில, தயிரும் மாவும் மேல. நாத்தத்துக்கு சோடா உப்பு கரைச்ச தண்ணில துடைச்சு, திறந்தே வச்சு வெயில்ல ரெண்டு நாள் காய வைங்க. லைனிங் தையல் வழியா உள்ள ஃபோமுக்கு இறங்கியிருந்தா அந்த பை போச்சு, விட்டுடுங்க.

## பிரச்சனை 5: வீட்டுக்கு வந்தாச்சு, தெர்மாமீட்டர் 5க்கு மேல காட்டுது, சாப்பிடலாமா?

பையில இப்ப எத்தனை டிகிரி இருக்குங்கறதை விட எவ்வளவு நேரமா அப்படி இருக்குங்கறதுதான் கேள்வி. கறி, மீன், பால், சமைச்ச சாப்பாடு இதெல்லாம் 5 டிகிரிக்கு மேல மொத்தமா 2 மணி நேரம்தான், வெளிய 32க்கு மேல வெயில் அடிக்கற நாள்ல 1 மணி நேரம். அதனால டீ குடிக்க நிறுத்தும்போதெல்லாம் டிஸ்ப்ளேவை பாத்து ஃபோன்ல குறிச்சு வைங்க. 5 எப்ப தாண்டுச்சுன்னு தெரியலைன்னா கெட்டுதான் போயிருக்குன்னு வச்சுக்கறது நல்லது. இட்லி மாவும் தயிரும் வேற, அது சூட்டுல புளிக்கும், பொங்கி டப்பாவை தள்ளும், ஆனா புளிச்சதை சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது. ஊறப்போட்ட சிக்கனை அதே கணக்குல பாக்காதீங்க.

மீன் பத்தி கொஞ்சம் விவரமா. மே மாசம், தூத்துக்குடில காலைல 4 கிலோ சீலா வாங்கினேன், இங்க வஞ்சிரம்னு சொல்வோமே அது. கடைக்கார அண்ணாச்சி பாத்துட்டு சொன்னார், "மீனு நாலு கிலோன்னா ஐஸும் நாலு கிலோ போடணும் தம்பி, பொறவு கெட்டுப்போச்சுன்னு எங்கிட்ட வந்து சொல்லப்பிடாது." வியாபாரம் பாக்கறார்னு நினைச்சு ஒன்றரை கிலோ போட்டுட்டு கிளம்பினேன். 6 மணிக்கு கிளம்பும்போது 3 டிகிரி. மதுரை தாண்டினப்ப 4, சந்தோஷம். திருச்சில 6. விழுப்புரத்துல 12, கவர்ல ஐஸ்னு ஒரு துண்டு இல்ல. மனசே இல்லாம மீனை கொட்டினேன், வீட்ல வாங்கின திட்டு தனி.

அப்புறம் உக்காந்து கணக்கு போட்டு பாத்தா அண்ணாச்சி சொன்னதுதான் சரி. 28 டிகிரில இருக்கிற 4 கிலோ மீனை ஜில்லுன்னு ஆக்கவே 1 கிலோவுக்கு மேல ஐஸ் போயிடும். அதுக்கு மேல என் பை 11 மணி நேரத்துக்கு திங்கிறது 3.3. மொத்தம் நாலரை கிலோ கிட்ட வருது. தெர்மகோல் பெட்டின்னா ரெண்டரை, மூணு கிலோல முடிஞ்சிருக்கும். இப்ப பெட்டில 4 கிலோ போட்டு, ஐஸ் ஒரு வரிசை, கவர் போட்ட மீன் ஒரு வரிசைன்னு மாத்தி மாத்தி அடுக்கி, மேல் வரிசை ஐஸா இருக்கற மாதிரி மூடி, ஓரத்துல டேப் ஒட்டிடறேன். போன தடவ வண்டலூர்ல பாத்தப்ப 2, வீட்ல திறந்தப்பவும் ஐஸ் மிச்சம் இருந்துச்சு. உருகின தண்ணியை நடுவழியில வடிக்க வேணாம், ஐஸ் மிதக்கற வரைக்கும் அதுவும் 0 டிகிரிதான், கவர் நல்லா கட்டியிருந்தா போதும்.

ஐஸ் நடுவுல தீர்ந்துட்டா முதல்ல வர்ற பெரிய ஊர்ல மீன் மார்க்கெட்டோ ஜூஸ் கடையோ பாத்து ஐஸ் வாங்கி போடுங்க, தெர்மாமீட்டர் 4 காட்டும்போதே. 12ல போட்டா அது மறுபடியும் குளிரும், ஆனா கெட்டது திரும்ப வராது.

அயிலை, சாளை, சூரை, வஞ்சிரம் இதுலயெல்லாம் ரொம்ப உஷாரா இருங்க. இதெல்லாம் சூட்டுல கிடந்தா ஹிஸ்டமின்னு ஒரு பொருள் உள்ள சேரும், அது எவ்வளவு கொதிச்சாலும் வறுத்தாலும் போகாது, மோந்து பாத்தாலும் தெரியாது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்துல முகம் சிவந்து, தலை வலிச்சு, உடம்பெல்லாம் தடிப்பு, வாய்ல மிளகு கடிச்ச மாதிரி எரிச்சல் வந்தா மீதியை அப்படியே வச்சிட்டு டாக்டர்கிட்ட போங்க, என்ன மீன், எப்ப வாங்கினதுன்னு சொல்லுங்க. மூச்சு வாங்கினா யோசிக்காம 108.